சனிக்கிழமை மனைவியிடம் கடனைச் சொல்லப் போகிறேன். அதுவரை இந்தப் பதற்றத்தோடு எப்படி இருப்பது?

கரையோரம் | செவ்வாய், இரவு 11:52

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு கிரெடிட் கார்டில் கடன் இருக்கிறது. ஏறக்குறைய என் ஐந்து மாதச் சம்பளம். 14 மாதங்களாக மனைவிக்குத் தெரியாது.

வேலை மாறியபோது இடையில் இரண்டு மாதம் வருமானம் இல்லை. ‘கையில் சேமிப்பு இருக்கு, பார்த்துக்கலாம்’ என்று அவளிடம் சொல்லிவிட்டு எல்லாச் செலவையும் கார்டில் ஓட்டினேன். புது வேலை கிடைத்ததும் அடைத்துவிடலாம் என்று நினைத்தேன். மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டே வந்ததில், கட்டியதெல்லாம் வட்டிக்கே போய்விட்டது. இப்போது இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று அவள் காகிதங்களை எடுத்து அடுக்கி வைத்திருக்கிறாள். விண்ணப்பித்தால் என் கடன் விவரம் எப்படியும் வெளியே வரும். அதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும். சனிக்கிழமை என்று முடிவு செய்திருக்கிறேன்.

சொல்லலாமா வேண்டாமா என்று கேட்கவில்லை. இந்த நான்கு நாட்களை எப்படிக் கடப்பது என்பதுதான் கேள்வி. அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. வயிறு பிசைகிறது. மனத்துக்குள் அவளோடு பேசிக்கொண்டே இருக்கிறேன். இதற்கு முன் இரண்டு முறை ஆரம்பித்து மழுப்பிவிட்டேன். போன ஞாயிறு அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ‘ஒரு விஷயம் சொல்லணும்’ என்றேன். மடித்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். ‘வண்டியை சர்வீசுக்கு விடணும்’ என்று சொல்லிவிட்டேன். அடுத்த பத்து நிமிடம் உடம்பே லேசாக இருந்தது. அப்புறம் முன்னைவிட மோசம்.

---

நேர்வழி | புதன், காலை 6:30

நண்பா, சனிக்கிழமை எதற்கு? இன்றைக்கே சொல்லுங்கள். தள்ளிப் போடப் போடத்தான் பயம் வளரும். ஆழமாக நான்கு மூச்சு இழுத்துவிட்டு, அவர் சமையலறையில் இருந்தாலும் சரி, தூங்கப் போனாலும் சரி, போட்டு உடைத்துவிடுங்கள். சொன்ன மறுநிமிடமே பதற்றம் போய்விடும்.

---

எண்சுவடி | புதன், காலை 8:14

முதலில் எந்தக் கார்டில் வட்டி அதிகமோ அதை அடையுங்கள். வங்கியில் தனிநபர் கடன் குறைந்த வட்டிக்குக் கிடைத்தால் அதை வாங்கிக் கார்டை முழுசாக முடித்துவிட்டு, தவணையாகக் கட்டுங்கள். கார்டை வெட்டிப் போடுங்கள். எத்தனை கார்டு, எவ்வளவு வட்டி என்று போட்டால் அட்டவணை போட்டுத் தருகிறேன்.

---

கரையோரம் | புதன், காலை 9:02

எண்சுவடி, நன்றி. ஒரே கார்டுதான். அந்த வழியைக் கட்டாயம் பார்க்கிறேன். ஆனால் இப்போது என்னைப் பிடித்து ஆட்டுவது வட்டி இல்லை. அவள் முகம் எப்படி மாறும் என்பதுதான். அந்த ஒரு காட்சியைத் தாண்டி என்னால் யோசிக்கவே முடியவில்லை.

---

மாலைவெயில் | புதன், மதியம் 1:20

கரையோரம், நான் 16 வருடமாகத் தம்பதிகளுக்கு மனநல ஆலோசனை தருகிறேன். பணத்தை மறைத்துவிட்டு, அதைச் சொல்ல வழி தெரியாமல் வருகிறவர்கள் நிறையப் பேர்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வண்டி சர்வீஸ்தான். பேச்சைத் தவிர்த்தீர்கள், உடனே உடம்பு லேசானது. அந்த லேசுதான் உங்கள் பதற்றத்துக்குத் தீனி. தவிர்த்தால் நிம்மதி கிடைக்கும் என்று உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது. அடுத்த முறை அதே வாசலுக்கு வரும்போது இன்னும் பலமாக அடித்து அந்த நிம்மதியைக் கேட்கும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் முந்தையதைவிடக் கடினமாக இருக்கிறது. பதற்றம் அடங்கிய பிறகு பேசலாம் என்று காத்திருக்காதீர்கள், அதுவும் ஒரு தவிர்ப்புதான். அது இருக்கும்போதே வாய் திறக்க முடிந்தால் போதும்.

இப்போது அந்த மூன்று மணி ஒத்திகைக்கு வருவோம். படுக்கையில் நீங்கள் ஒத்திகை பார்ப்பது யாருடைய பேச்சை என்று கவனியுங்கள். பெரும்பாலும் அவருடையதை. அவர் இப்படிக் கேட்பார், நான் இப்படிச் சொல்வேன், அதற்கு அவர் என்று போய்க்கொண்டே இருக்கும். அதற்கு முடிவே கிடையாது, ஏனென்றால் இரண்டு பக்கமும் பேசுவது உங்கள் பயம். உங்கள் கையில் உண்மையாகவே இருப்பது முதல் இரண்டு மூன்று வாக்கியங்கள் மட்டும்தான். அவற்றைக் காகிதத்தில் எழுதுங்கள். மனத்துக்குள் ஓட்டாமல், தனியாக இருக்கும்போது நின்றுகொண்டு, வாய்விட்டு, ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை சொல்லுங்கள். தொகை வரும் இடத்தில் குரல் அடைக்கும். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பத்தாவது தடவை அது வெறும் எண்ணாகக் காதில் விழத் தொடங்கும். அதற்கு மேல் ஒரு வரிகூட ஒத்திகை வேண்டாம்.

மற்றபடி கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள். மாலை ஆறு மணிக்கு இருபது நிமிடம், நாற்காலியில் உட்கார்ந்து, எழுதிக் கவலைப்படுங்கள். படுக்கையறையில் வேண்டாம். இரவில் அதே நினைப்பு வந்தால் ‘இது நாளை ஆறு மணிக்கு’ என்று ஒத்திப்போடுங்கள். முதல் இரவே வேலை செய்யும் என்று சொல்லமாட்டேன். ஆனால் மூன்று மணிக்கு எழுந்து கார்டு செயலியைத் திறந்து பாக்கியைப் பார்க்கும் பழக்கம் இருந்தால், அதை இன்றே நிறுத்துங்கள். அந்த நேரத்தில் அந்த எண்ணை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

நேர்வழி சொன்னதில் பாதி சரி. தள்ளிப்போட்டால் வளரும் என்பது உண்மை. ஆனால் தூங்கப் போகிறவரிடம் போட்டு உடைத்தால் உங்கள் பாரம் இறங்கும், அவருக்கு இரவு போகும். சொன்ன மறுநிமிடம் பதற்றம் போய்விடும் என்பதும் சரியில்லை. பல பேருக்கு அதற்கப்புறம்தான் கை நடுங்கும். மூச்சிலும் ஒரு திருத்தம்: ஆழமாக இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக விடுவதுதான் நெஞ்சுத் துடிப்பைத் தணிக்கும். பதற்றத்தில் பெரிது பெரிதாக இழுத்தால் சிலருக்குத் தலை சுற்றி, விரல் மரத்து, இன்னும் பயந்துவிடுவார்கள். நான்கு எண்ணும் வரை இழுத்து ஆறு எண்ணும் வரை விடுங்கள், ஐந்து நிமிடம்.

---

கரையோரம் | புதன், மதியம் 2:05

செயலி விஷயம் எப்படித் தெரிந்தது என்று புரியவில்லை. நேற்று இரவு மூன்று முறை பார்த்தேன்.

முதல் வாக்கியங்களை எழுதிப் பார்த்தேன்: ‘நீ கோபப்படக் கூடாது, முதல்ல நான் சொல்றதை முழுசாக் கேளு. வேலை மாறினப்போ எனக்கு வேற வழி தெரியல. நான் உனக்காகத்தான் சொல்லாம இருந்தேன். கார்டில் கொஞ்சம் கடன் ஆகிடுச்சு.’ சரியா?

---

தனிமரம் | புதன், மாலை 4:40

சகோதரா, நான் மறுபக்கத்தில் இருந்தவள். என் கணவர் எனக்குச் சொன்ன அன்று ‘கொஞ்சம்’ என்ற இதே சொல்லைத்தான் சொன்னார். ‘எவ்வளவு’ என்றேன். ஒரு தொகை சொன்னார். அன்றைக்கு அழுதேன், ஆனால் இரவே ‘சரி, சேர்ந்து அடைப்போம்’ என்று சொல்லிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. தொகை அதைப்போல் இரண்டு மடங்கு. அவர் ஏமாற்ற நினைக்கவில்லை. முழுசாகச் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். இப்போது எனக்கு அது புரிகிறது.

ஆனால் என்னை உடைத்தது முதல் நாள் இல்லை, இரண்டாவது நாள். அதற்குப் பிறகு அவர் எதைச் சொன்னாலும் ‘இது முழுசா, பாதியா’ என்றுதான் என் மனம் கேட்டது. நான்கு வருடம் ஆகிறது. கடன் முடிந்துவிட்டது. அந்தக் கேள்வி இன்னும் எப்போதாவது வரும்.

ஒரே தடவையில், கடைசி எண் வரை சொல்லிவிடுங்கள்.

---

கரையோரம் | புதன், இரவு 10:18

இதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன்: மூன்று மாதச் சம்பளம் அளவு என்று முதலில் சொல்லிவிட்டு, மீதியை மெல்லச் சொல்லலாம் என்று ஒரு யோசனை எனக்குள் இருந்தது. இங்கே எழுதவில்லை. இப்போது அதை விட்டுவிட்டேன்.

---

மாலைவெயில் | வியாழன், காலை 7:50

தனிமரம் சொன்னதற்கு மேல் அதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. பாதி சொல்வதும் சர்வீஸ் மாதிரிதான், அந்த நிமிடத்து நிம்மதி.

கரையோரம், உங்கள் வரைவைப் பார்ப்போம். ‘கோபப்படக் கூடாது’ என்று தொடங்கினால், என்ன என்று தெரிவதற்கு முன்பே அவருடைய கோபத்தைத் தடை செய்கிறீர்கள். ‘உனக்காக’ என்பதும் வேண்டாம். அது உண்மையாகவே இருந்தாலும், கேட்கும்போது பழி தன் மேல் வருகிற மாதிரி இருக்கும். கடன் நான்காவது வாக்கியத்தில் வருகிறது, அதுவும் ‘கொஞ்சம்’ என்று. அந்த மூன்று வாக்கியமும் அவர் நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும். யாருக்கு உடம்பு சரியில்லை, யார் இறந்துவிட்டார்கள் என்று அதற்குள் போய்விடும் மனம்.

இப்படி வைத்துப் பாருங்கள்: ‘என் கார்டில் இவ்வளவு கடன் இருக்கு. 14 மாசமா உன்கிட்ட மறைச்சேன், அது என் தப்பு. எல்லாக் காகிதமும் இதில இருக்கு.’ தொகை முதல் வாக்கியத்தில். காரணத்தை அவர் கேட்டால் சொல்லுங்கள், கேட்பார்.

தொடக்கத்துக்கு நான் இத்தனை அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. சிபில் கரேர், ஜான் காட்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், புதுமணத் தம்பதிகள் 124 ஜோடிகள் சண்டைக்குரிய ஒரு விஷயத்தை 15 நிமிடம் பேசினார்கள். அந்தப் பேச்சின் முதல் மூன்று நிமிடம் போன விதத்துக்கும், பின்னால் யார் பிரிந்தார்கள் என்பதற்கும் தொடர்பு இருந்தது. தொடக்கம்தான் பிரிவுக்குக் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஏற்கெனவே கசந்த வீடுகளில் தொடக்கமும் கசப்பாக இருந்திருக்கலாம். ஆனால் நான் என் அறையில் பார்ப்பதும் இதுதான்: பழியோடு தொடங்கிய பேச்சு பாதியில் திரும்புவது அபூர்வம்.

இன்னொன்று. சனிக்கிழமை காலையிலேயே அவரிடம் ‘பணம் பற்றிப் பேசணும், சாயந்திரம் அஞ்சு மணிக்கு ஒரு மணி நேரம் வேணும், யாருக்கும் உடம்புக்கு ஒண்ணுமில்லை’ என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் சர்வீஸ் பக்கம் ஓட முடியாது.

---

தனிமரம் | வியாழன், காலை 9:33

அம்மா, இதில் மட்டும் நான் ஒத்துப்போகவில்லை. காலையில் சொல்லி மாலை வரை காக்க வைத்தால் அந்த எட்டு மணி நேரம் அவருக்கு எப்படிப் போகும்? இவர் 14 மாதம் சுமந்ததை அவர் தலையில் ஒரு பகல் முழுக்க ஏற்றுவது மாதிரி இருக்கிறது. என்னிடம் அப்படிச் சொல்லியிருந்தால் நான் அந்த நிமிடமே கேட்டுத் தீர்த்திருப்பேன்.

---

மாலைவெயில் | வியாழன், காலை 10:10

நியாயமான பேச்சு. எட்டு மணி நேரம் அதிகம்தான். அரை மணி நேரம் முன்பு சொன்னாலும் ஓட வழி அடைபடும். சிலர் தயாராக நேரம் கேட்பார்கள், சிலரால் காத்திருக்கவே முடியாது. இவர் மனைவி எந்த ரகம் என்று இவருக்குத்தான் தெரியும்.

---

இரவுப்பறவை | வியாழன், இரவு 8:25

எனக்கும் இதே மாதிரிதான், மேடையில் பேச வேண்டியிருந்தாலே கை நடுங்கும். டாக்டர் ப்ராப்ரனலால் எழுதிக் கொடுத்தார். அரை மணி, ஒரு மணி நேரம் முன்பு ஒன்று போட்டால் படபடப்பு அடங்கிவிடும். தெரிந்தவர் யாரிடமாவது இருந்தால் ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கடிதமாக எழுதிக் கொடுத்துவிடுங்கள், முகம் பார்க்கவே வேண்டாம்.

---

மாலைவெயில் | வியாழன், இரவு 9:15

இரவுப்பறவை, உங்களுக்கு மருத்துவர் பார்த்துக் கொடுத்தது சரி. இன்னொருவருடைய மாத்திரையை வாங்கிப் போடுவது வேண்டவே வேண்டாம். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அந்த மாத்திரை ஆபத்து, மூச்சுக்குழல் சுருங்கிவிடும். நெஞ்சுத் துடிப்பு குறைவாக இருப்பவர்களுக்கும் ஆகாது. மது குடித்துவிட்டுப் பேசுவதும் அப்படித்தான். தைரியம் வந்த மாதிரி இருக்கும், பேசியது நிதானத்தில் இருக்காது.

கடிதம் என்பது வேறு. பேச வாயே வராதவர்களுக்கு அது நல்ல வழி. ஆனால் அவர் படிக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும். கொடுத்துவிட்டு வெளியே போனால், அவர் அந்தக் காகிதத்தோடு தனியாக நிற்பார்.

---

நேர்வழி | வியாழன், இரவு 9:40

சரி, தூங்கப் போகும்போது சொல்வது தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடிதம் எனக்குச் சரியாகப் படவில்லை. நேருக்கு நேர் சொல்ல முடியாததை எழுத்தில் சொன்னால் அதில் பாதி மரியாதை போய்விடுகிறது.

---

தனிமரம் | வியாழன், இரவு 9:58

எனக்கு யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் பத்து முறை படித்து, யோசித்துப் பேசியிருப்பேன். எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை.

---

ஈரமண் | வெள்ளி, காலை 6:12

இங்கே யாரும் ஒன்றைக் கேட்கவில்லை என்பதால் கேட்கிறேன். நானும் இந்தத் திரியைப் படித்து முதல் வாக்கியம் எழுத உட்கார்ந்தேன். எனக்கு வருவது பதற்றமா என்று தெரியவில்லை. போன தடவை பணப் பேச்சு வந்தபோது அவர் கையில் இருந்ததை என் மேல் எறிந்தார்.

---

மாலைவெயில் | வெள்ளி, காலை 6:45

ஈரமண், நீங்கள் எழுதியது பதற்றம் இல்லை, ஆபத்தை உங்கள் உடம்பு சரியாகச் சொல்கிறது. மேலே நான் எழுதிய எதையும் நீங்கள் செய்ய வேண்டாம். தனியாக, கதவை மூடிக்கொண்டு அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். முதலில் நீங்கள் நம்பும் ஒருவருக்கு இது தெரிய வேண்டும். உங்கள் ஊரில் குடும்ப வன்முறைக்கான உதவி எண் இருந்தால், அவர் பார்க்காத தொலைபேசியிலிருந்து பேசுங்கள். தனி மடலில் எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

---

கரையோரம் | வெள்ளி, இரவு 10:30

ஈரமண், பத்திரமாக இருங்கள்.

இரண்டு இரவாக செயலியைத் திறக்கவில்லை. மூன்று மணிக்கு இன்னும் விழிக்கிறேன், ஆனால் நேற்று நான்கு மணிக்குத் திரும்பத் தூங்கிவிட்டேன். வண்டியை ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு அந்த மூன்று வாக்கியத்தையும் சொல்கிறேன். முதல் நாள் தொகை வரும் இடத்தில் இருமல் வந்தது. இன்று வரவில்லை. 14 மாத ஸ்டேட்மென்டையும் அச்சடித்து ஒரு கோப்பில் போட்டுவிட்டேன்.

பேச்சு நடுவில் நான் தடுமாறினால் என்ன செய்வது?

---

மாலைவெயில் | வெள்ளி, இரவு 10:55

காது அடைப்பது, முகம் சூடாவது, அவர் சொல்வது காதில் விழுந்தும் மண்டைக்குள் போகாமல் இருப்பது, நியாயம் பேசியே ஆக வேண்டும் என்ற அவசரம். இவற்றில் எது வந்தாலும் நிறுத்துங்கள். காட்மன் இதற்கு ஒரு அளவு சொல்வார்: நெஞ்சுத் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் சரியாகக் கேட்கவும் முடியாது, யோசிக்கவும் முடியாது. உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். ‘எனக்கு இருபது நிமிஷம் கொடு, திரும்பி வர்றேன்’ என்று நேரத்தோடு சொல்லிவிட்டு எழுந்திருங்கள். நேரம் சொல்லாமல் எழுந்தால் ஓடுவதாகத்தான் அவருக்குத் தெரியும். அந்த இருபது நிமிடத்தில் பதில் தயார் செய்யாதீர்கள், செய்தால் உடம்பு அடங்காது. சொன்ன நிமிடத்துக்குத் திரும்பி வாருங்கள். அவர் இடைவெளி கேட்டாலும் இதே மரியாதைதான்.

---

கரையோரம் | ஞாயிறு, காலை 11:20

சொல்லிவிட்டேன்.

அரை மணி நேரம் முன்பு சொல்லி வைத்தேன். அவள் ‘இப்பவே சொல்லு’ என்றாள். தனிமரம் சொன்ன மாதிரிதான். கோப்பை மேஜையில் வைத்து, நின்றுகொண்டே சொன்னேன், ஏனோ உட்கார முடியவில்லை. தொகையை முழுசாகச் சொன்னேன். அவள் கோப்பைத் திறக்கவில்லை. மூடிய கோப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு, ‘எத்தனாவது மாசம் நாம ஊருக்குப் போனோம்?’ என்று கேட்டாள். ஐந்தாவது மாதம். அந்தப் பயணச் செலவும் இதில் இருக்கிறதா என்றுதான் கேட்கிறாள். ‘ஆமாம்’ என்றேன். இத்தனை இரவு ஒத்திகை பார்த்ததில் அந்தக் கேள்வி ஒரு முறைகூட வரவில்லை.

அப்புறம் கத்தினாள். நானும் ‘வேலை இல்லாதப்போ நீ மட்டும் கேட்டியா’ என்று ஆரம்பித்தேன். காது சூடாவது தெரிந்தது. இருபது நிமிடம் கேட்டேன். மாடிப்படியில் உட்கார்ந்து மூச்சை எண்ணினேன். திரும்பி வந்தபோது அவள் கோப்பைத் திறந்து பென்சிலால் வரி வரியாகக் குறித்துக்கொண்டிருந்தாள். இரவு வரை குறித்தாள். என்னோடு அதிகம் பேசவில்லை.

வயிற்றில் அந்தப் பிசைவு குறைந்திருக்கிறது. ஆனால் வேறொன்று வந்திருக்கிறது. காலையிலிருந்து ‘என் மேல் கோபமா’ என்று நான்கு முறை கேட்டுவிட்டேன்.

---

மாலைவெயில் | ஞாயிறு, மதியம் 12:05

முழுத் தொகையையும் சொன்னீர்கள், எழுந்துபோய்த் திரும்பியும் வந்தீர்கள். அந்த நான்கு முறை கேட்டதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ‘இல்லை’ என்று அவர் சொன்னால் ஐந்து நிமிடம் லேசாக இருக்கும், அப்புறம் திரும்பக் கேட்கத் தோன்றும். அதுவும் சர்வீஸ்தான். கோபப்பட அவருக்கு நாள் கொடுங்கள். அடுத்த பணப் பேச்சு எந்த நாள் என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

---

எண்சுவடி | ஞாயிறு, மதியம் 12:40

அன்றைக்கு நான் கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை, மன்னிக்கவும். அந்த அட்டவணை வேண்டுமென்றால் இப்போது போடலாம். வீட்டுக் கடன் விண்ணப்பத்தைச் சில மாதம் தள்ளி வைப்பது நல்லது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதை உங்கள் மனைவியும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

---

கரையோரம் | ஞாயிறு, இரவு 9:48

எண்சுவடி, அவளிடம் கேட்டேன். புதன்கிழமை இரவு எட்டு மணி என்று சொல்லியிருக்கிறாள். அட்டவணையை அவளே போடுகிறாளாம். கார்டின் கடவுச்சொல்லை மட்டும் கேட்டாள். எழுதிக் கொடுத்தேன்.